விடுபட்ட அம்பு எங்கே? கையால் வரைந்த டிஎஃப்ஏ-வைத் திருத்தும் முறை

தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம். "0, 1 ஆகிய எழுத்துகளால் ஆன சரங்களில் 01 என்று முடிபவற்றை மட்டும் ஏற்கும் டிஎஃப்ஏ ஒன்றை வரைக." விடைத்தாளில் மூன்று வட்டங்கள், ஐந்தாறு அம்புகள், பக்கத்தில் அழித்த தடம். பார்த்ததும் சரி போலத்தான் தெரியும். அது உண்மையிலேயே சரிதானா என்று எப்படி முடிவு செய்வது? விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கும், தான் வரைந்ததைத் தானே சரிபார்க்க நினைக்கும் மாணவருக்கும் வேலை ஒன்றுதான்.

டிஎஃப்ஏ என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில நிலைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு வட்டமாக வரைவோம். அவற்றில் ஒன்று தொடக்க நிலை. சில நிலைகள் ஏற்கும் நிலைகள். சரத்தை இடமிருந்து வலமாக ஓர் எழுத்து ஓர் எழுத்தாகப் படிப்போம். படிக்கும் எழுத்து எழுதியிருக்கும் அம்பைப் பிடித்து அடுத்த வட்டத்துக்குப் போவோம். சரம் முடியும்போது ஏற்கும் நிலையில் நின்றால் சரம் ஏற்கப்பட்டது, இல்லாவிட்டால் நிராகரிக்கப்பட்டது. இதில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. எந்த நிலையில் நின்றாலும், எந்த எழுத்து வந்தாலும், போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் கூடாது, ஒன்றுமில்லாமலும் கூடாது.

முதலில் படத்தை அட்டவணையாக்குங்கள்

கையால் வரைந்த படத்தை அப்படியே பார்த்துத் திருத்தினால் கண் ஏமாற்றும். சரியான விடை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும் என்பதால், இல்லாத அம்பையும் மனசு தானே போட்டுக்கொள்ளும். அதனால் முதல் வேலை, படத்தில் உள்ளதை உள்ளபடி ஓர் அட்டவணையாக எழுதுவது. நிலைக்கு ஒரு வரி, எழுத்துக்கு ஒரு பத்தி. தொடக்க நிலைக்கு முன்னால் அம்புக்குறி, ஏற்கும் நிலைக்கு முன்னால் நட்சத்திரம். அம்பு இல்லாத கட்டத்தில் ஒரு கோடு.

நாம் எடுத்துக்கொள்ளும் விடைத்தாளில் A, B, C என்று மூன்று வட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படத்தைப் பார்த்து எழுதினால் இப்படி வருகிறது:

```
        0    1
->  A   B    A
    B   -    C
 *  C   A    A
```

இரண்டு நிமிட வேலைதான். ஆனால் B வரியில் 0-க்கு நேரே காலியாக இருக்கும் கட்டம் இப்போது கண்ணில் குத்துகிறது. படத்தில் அது தெரியவே தெரியாது. இல்லாத அம்பு எந்தத் தடயத்தையும் விட்டு வைப்பதில்லை.

அம்புகளை எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். மூன்று நிலை, இரண்டு எழுத்து, ஆகவே ஆறு அம்புகள் வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்பது உறுதி. ஆனால் ஆறு இருந்தால் சரி என்று சொல்ல முடியாது. ஒரு நிலையிலிருந்து 0 எழுதிய அம்பு இரண்டு கிளம்பி, இன்னொரு நிலையில் 0 விடுபட்டிருந்தாலும் கணக்கு ஆறுதான். அதோடு, ஒரே அம்பின் மேல் "0, 1" என்று எழுதியிருந்தால் அது இரண்டாகக் கணக்காகும். இந்தத் தொல்லையெல்லாம் அட்டவணையில் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் சரியாக ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது.

அட்டவணை எழுதும்போதே கையெழுத்துச் சிக்கல்கள் வெளியே வரும். இரண்டு வட்டங்களுக்கு இடையே போகவும் வரவும் தனித்தனி அம்பு இருக்கும். நடுவில் எழுதிய 1 எந்த அம்புக்கு உரியது என்று தெரியாது. தன்னிடமே திரும்பும் வளையத்துக்கு அம்பு முனை போட மறந்திருப்பார்கள்; வேறு வட்டத்துக்குப் போக வழியில்லாததால் அதை மன்னித்துவிடலாம். ஆனால் இரண்டு வட்டங்களை இணைக்கும் கோட்டில் முனை இல்லை என்றால் திசையே இல்லை. அதை எந்தத் திசையில் படித்தால் விடை சரியாகிறதோ அப்படிப் படிப்பது மாணவருக்குக் காட்டும் கருணையாக இருக்கலாம், திருத்தம் ஆகாது.

தொடக்க நிலை

தொடக்க நிலையைக் காட்டுவது எங்கிருந்தும் புறப்படாமல், வெறும் இடத்திலிருந்து வந்து வட்டத்தைத் தொடும் ஓர் அம்பு. அது இல்லாவிட்டால் வரைந்தது இன்னும் டிஎஃப்ஏ ஆகவில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாது. இடதுபக்கம் முதலில் இருப்பதாலோ, q0 என்று பெயர் வைத்திருப்பதாலோ ஒரு வட்டம் தொடக்க நிலை ஆகிவிடாது. அதெல்லாம் வழக்கம்தான், விதி இல்லை.

தொடக்க அம்பு இரண்டு இருந்தாலும் தவறுதான். இது பெரும்பாலும் வேண்டுமென்று போட்டதாக இருக்காது. வெளியிலிருந்து வரும் அம்பை நீளமாக இழுத்து, அதன் வால் பக்கத்து வட்டத்தைத் தொட்டுவிட்டால் அது சாதாரண அம்பு போலத் தோன்றும். சாதாரண அம்பின் வால் வட்டத்தைத் தொடாமல் நின்றுவிட்டால் அது தொடக்க அம்பு போலத் தோன்றும். அதன் மேல் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். தொடக்க அம்பின் மேல் 0, 1 எதுவும் எழுதுவதில்லை.

நம் விடைத்தாளில் A-க்கு அம்பு தெளிவாக இருக்கிறது. இதைத் தாண்டிப் போகலாம்.

ஏற்கும் நிலைகள்

ஏற்கும் நிலைக்கு இரட்டை வட்டம். கையால் வரைந்ததில் வரும் முதல் சந்தேகம், அது இரட்டை வட்டமா, அல்லது பேனா சரியாக எழுதாமல் ஒரே வட்டத்தின் மேல் இரண்டு முறை போட்டதா என்பது. உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் இடைவெளி தெரிந்தால் இரட்டை வட்டம்.

ஏற்கும் நிலைகளைச் சரிபார்க்க நான் எப்போதும் முதலில் போட்டுப் பார்ப்பது வெற்றுச் சரம், அதாவது ஓர் எழுத்துகூட இல்லாத சரம். அது தொடக்க நிலையை விட்டு நகராது. ஆகவே வெற்றுச் சரம் மொழியில், அதாவது ஏற்க வேண்டிய சரங்களின் தொகுப்பில், இருக்க வேண்டும் என்றால் தொடக்க நிலைக்கே இரட்டை வட்டம் வேண்டும், இருக்கக் கூடாது என்றால் ஒற்றை வட்டம்தான். 01-இல் முடியும் கேள்வியில் வெற்றுச் சரத்துக்கு இடமில்லை. A ஒற்றை வட்டம், சரி. ஆனால் "இரட்டைப்படை எண்ணிக்கையில் 1 உள்ள சரங்கள்" என்று கேட்டால் கதை வேறு. பூஜ்யமும் இரட்டைப்படை எண்தான். வெற்றுச் சரத்தில் பூஜ்யம் 1-கள் உள்ளன. அங்கே தொடக்க நிலைக்கு இரட்டை வட்டம் போடாமல் மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

இரண்டாவது தவறு இதைவிட ஆழமானது. ஏற்கும் நிலைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது, அங்கிருந்து அம்பு எதுவும் வேண்டாம் என்று நினைப்பது. டிஎஃப்ஏ சரத்தின் முடிவில்தான் தீர்ப்புச் சொல்கிறது, நடுவில் சொல்வதில்லை. 0101 என்ற சரத்தைப் படிக்கும்போது இரண்டாவது எழுத்திலேயே C-க்கு வந்துவிடுவோம், ஆனால் இன்னும் இரண்டு எழுத்துகள் பாக்கி இருக்கின்றன. அவற்றுக்கும் வழி வேண்டும். C-யிலிருந்து அம்பே இல்லாமல் வரைந்தால், 01 முதல்முறை வரும் இடத்திலேயே முடிந்துவிடும் சரங்கள் மட்டும்தான் ஏற்கப்படும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. C-யில் 0, 1 இரண்டுக்கும் வளையம் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் அது "01 எங்காவது உள்ள சரங்கள்" என்ற வேறொரு கேள்விக்கு அருமையான விடை. 010 என்ற சரத்தைப் போட்டுப் பாருங்கள், அதை ஏற்றுக்கொள்ளும். கேட்டது 01-இல் முடிபவை மட்டும்.

கட்டம் கட்டமாக அம்புகள்

இனி ஆறு கட்டங்கள். ஒவ்வொன்றும் சரியா என்று பார்க்க, ஒவ்வொரு நிலையும் எதை நினைவில் வைத்திருக்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதிக்கொள்ள வேண்டும். A: இதுவரை படித்ததன் வாலில் பயன்படக்கூடியது எதுவும் இல்லை. B: கடைசியாகப் படித்தது 0. C: கடைசியாகப் படித்த இரண்டும் 01. இந்த மூன்று வாக்கியங்கள் கையில் இருந்தால் விடையைப் பார்க்காமலே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடலாம்.

A-யில் 0 வந்தால் கடைசி எழுத்து 0, ஆகவே B. A-யில் 1 வந்தால் பயன் எதுவும் இல்லை, ஆகவே A. B-யில் 1 வந்தால் 01 கிடைத்துவிட்டது, C. இந்த மூன்றையும் மாணவர் சரியாகப் போட்டிருக்கிறார். C-யில் 1 வந்தால் கடைசி இரண்டு 11, ஆகவே A. அதுவும் சரி.

B-யில் 0 வந்தால்? கடைசி இரண்டு 00. ஆனாலும் கடைசி எழுத்து 0 என்பது மாறவில்லை. ஆகவே B-யிலேயே இருக்க வேண்டும், வளையம் தேவை. விடைத்தாளில் அது இல்லை.

C-யில் 0 வந்தால்? 010. கடைசி எழுத்து 0, ஆகவே B-க்குப் போக வேண்டும். மாணவர் A-க்கு அனுப்பியிருக்கிறார். "01 கெட்டுப்போய்விட்டது, முதலிலிருந்து ஆரம்பிப்போம்" என்று நினைத்திருப்பார். கெடுத்த அந்த 0-வே அடுத்த 01-இன் தொடக்கமாக இருக்கலாம் என்பதை விட்டுவிட்டார். இந்த வகைக் கேள்வியில் அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தவறைச் சுட்டும்போது ஒரு சரத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது. 001: A-யிலிருந்து B, அடுத்த 0-க்கு வழியில்லை, ஏற்க வேண்டிய சரம், நடுவழியில் நின்றுவிட்டது. 0101: A, B, C, A, A, ஏற்க வேண்டியது, நிராகரிக்கப்படுகிறது. 01, 101, 1101 போன்றவற்றை மட்டும் போட்டுப் பார்த்திருந்தால் இரண்டு தவறுமே தப்பித்திருக்கும். எளிய சரங்கள் எல்லாம் நேர்வழியில் போய்விடும். திரும்பிவரும் அம்புகளைச் சோதிக்க, வந்த எழுத்தே மீண்டும் வரும் சரங்களும், 01 முடிந்த பிறகும் நீளும் சரங்களும் வேண்டும்.

விடுபட்ட அம்பு எல்லாம் ஒரே ரகமா?

இங்கேதான் திருத்துபவர்களுக்குள் கருத்து வேறுபாடு வருகிறது. விடுபட்ட அம்பு என்றால் சரம் அங்கேயே நிராகரிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம், அதில் தவறில்லை என்பார்கள் சிலர். கணினியில் JFLAP போன்ற மென்பொருளில் வரைந்து பழகியவர்களுக்கு அப்படித்தான் பழக்கம். எல்லா அம்புகளும் இல்லாவிட்டாலும் அது சரத்தை ஓட்டிக் காட்டிவிடும். டிஎஃப்ஏ-வின் கண்டிப்பான வரையறைப்படி எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். வகுப்பில் எதைச் சொல்லிக்கொடுத்தோமோ அதையே திருத்தும்போதும் பின்பற்ற வேண்டும். அது வெறும் நேர்மை.

ஆனால் எந்த வழக்கத்தை வைத்துக்கொண்டாலும், விடுபட்ட அம்பு ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்த இடத்துக்கு வந்த பிறகு, இனி எதைச் சேர்த்தாலும் சரம் ஏற்கப்பட வாய்ப்பே இல்லையா?

"01 என்று தொடங்கும் சரங்கள்" என்று கேள்வி இருந்தால், முதல் எழுத்தே 1 என்றால் ஆட்டம் முடிந்தது. அதன் பின் எது வந்தாலும் அந்தச் சரம் 01-இல் தொடங்கப்போவதில்லை. அந்த அம்பு போக வேண்டிய இடம் டெட் ஸ்டேட், அதாவது உள்ளே போனால் வெளியே வர முடியாத, ஏற்காத நிலை. அம்பையும் டெட் ஸ்டேட்டையும் வரையாமல் விட்டால் ஏற்கப்படும் சரங்கள் மாறுவதில்லை. வரைபடம் முழுமையாக இல்லை, அவ்வளவுதான். அரை மதிப்பெண் குறைக்கலாம், வழக்கத்தைப் பொறுத்து விட்டும்விடலாம்.

"01 என்று முடியும் சரங்கள்" என்பதில் அந்தச் சலுகைக்கு வழியே இல்லை. இதுவரை படித்தது எதுவாக இருந்தாலும், கடைசியில் 01 சேர்த்துவிட்டால் அது மொழிக்குள் வந்துவிடும். ஆகவே இந்த மொழிக்கு டெட் ஸ்டேட் என்று ஒன்று இருக்கவே முடியாது. நம் விடைத்தாளில் B-யில் விடுபட்ட 0 வெறும் முழுமையின்மை இல்லை, மொழியே மாறிவிட்டது. அதே காரணத்தால், இந்தக் கேள்விக்கு யாராவது டெட் ஸ்டேட் வரைந்து அதற்குள் அம்பும் விட்டிருந்தால், மேற்கொண்டு பார்க்காமலே தவறு என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வகை விடையும் வரும். மூன்று வட்டங்கள், முதல் வட்டத்தில் "0, 1" என்று வளையம், அதிலிருந்து 0-வில் இரண்டாவது வட்டம், அங்கிருந்து 1-இல் மூன்றாவது வட்டம், அவ்வளவுதான். அட்டவணை போட்டால் முதல் வரியில் 0-க்கு நேரே இரண்டு பெயர்கள், மற்ற வரிகளில் மூன்று காலிக் கட்டங்கள். இது என்எஃப்ஏ. அதில் ஒரே எழுத்துக்குப் பல வழிகள் இருக்கலாம், வழியே இல்லாமலும் இருக்கலாம்; ஏதாவது ஒரு வழி ஏற்கும் நிலையில் முடிந்தால் போதும். மைக்கேல் ராபினும் டேனா ஸ்காட்டும் 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் அறிமுகமான வகை. என்எஃப்ஏ-வாகப் பார்த்தால் 01-இல் முடியும் சரங்களைத் துல்லியமாக ஏற்கிறது. கேள்வியில் டிஎஃப்ஏ என்று இருந்தால் மதிப்பெண் குறையும். வெறுமனே "முடிவுறு நிலைத் தானியங்கி வரைக" என்று கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும், குறை கேள்வியில்தான்.

விடைக்குறிப்பைப் போல இல்லாத விடை

விடைக்குறிப்பில் மூன்று நிலை, மாணவர் வரைந்ததோ நான்கு. உடனே சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். இதைப் பாருங்கள்:

```
         0    1
    00   00   01
 *  01   10   11
    10   00   01
->  11   10   11
```

நிலையின் பெயரே கடைசி இரண்டு எழுத்துகள். தொடக்க நிலை 11 என்பது முதலில் விசித்திரமாகத் தெரியும். இன்னும் எதையுமே படிக்கவில்லையே! ஆனால் 01-இன் பாதிகூடக் கையில் இல்லாத நிலைதான் 11, ஒன்றுமே படிக்காத நிலையும் அப்படித்தான். அதனால் அங்கே தொடங்குவதில் பிழையில்லை.

இது சரி என்று நிரூபிக்க, விடைக்குறிப்பையும் மாணவர் விடையையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். நம் A-யையும் அவருடைய 11-ஐயும் ஜோடியாக எழுதி, 0 வந்தால் இரண்டும் எங்கே போகின்றன, 1 வந்தால் எங்கே போகின்றன என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். புதிய ஜோடி வந்தால் அதற்கு ஒரு வரி:

```
ஜோடி        0          1
(A, 11)    (B, 10)    (A, 11)
(B, 10)    (B, 00)    (C, 01)
(B, 00)    (B, 00)    (C, 01)
(C, 01)    (B, 10)    (A, 11)
```

நான்கு வரிகளில் புதிய ஜோடிகள் தீர்ந்துவிட்டன. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டும் ஏற்கும் நிலை, அல்லது இரண்டும் ஏற்காத நிலை. ஒன்று ஏற்க, மற்றது நிராகரிக்கும் ஜோடி வரவில்லை. ஆகவே இரண்டும் ஒரே மொழி, முழு மதிப்பெண். குறைந்த நிலைகளில் வரையச் சொல்லியிருந்தால் மட்டும் இது நான்கு நிலை என்பது குறையாகும். 00, 10 இரண்டும் ஒரே B-யோடுதான் ஜோடி சேர்ந்திருக்கின்றன, அவற்றை ஒன்றாக்கியிருக்கலாம்.

ஏற்பில் முரண்படும் ஜோடி வந்தால், அதுவரை வந்த எழுத்துகளே தவறைக் காட்டும் சரம். முதல் விடைத்தாளை இப்படி ஓட்டினால் (A, A), 0-வில் (B, B), அடுத்த 0-வில் (B, வழியில்லை), பிறகு 1-இல் (C, வழியில்லை). முன்பு நாம் யோசித்துப் பிடித்த 001 இங்கே தானாக வந்து விழுகிறது.

ஜோடி அட்டவணை போடப் பொறுமை இல்லை, சரங்களை மட்டும் போட்டுப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. எல்லாக் கட்டமும் நிரம்பிய இரண்டு டிஎஃப்ஏ-க்கள், ஒன்றில் m நிலை, மற்றதில் n நிலை என்றால், அவை வேறு வேறு மொழிகளை ஏற்கும்பட்சத்தில் m + n − 2 நீளத்துக்குள் ஏதாவது ஒரு சரத்தில் அந்த வேறுபாடு தெரிந்துவிடும். மூன்றுக்கு மூன்று என்றால் நீளம் 4. வெற்றுச் சரத்தையும் சேர்த்து 31 சரங்கள். கையால் போடுவதற்கு ஜோடி அட்டவணையே மேல்.

மதிப்பெண்

பத்து மதிப்பெண் கேள்வி என்றால் தொடக்க நிலைக்கு 1, மூன்று வட்டங்களும் ஒற்றையா இரட்டையா என்பதற்கு 3, ஆறு கட்டங்களுக்கு 6 என்று பிரிப்பேன். முதல் விடைத்தாளில் இரண்டு கட்டங்கள் தவறு, ஆகவே 8. தொடக்க அம்பை மறந்தவருக்கு அந்த 1 மட்டும்தான் போக வேண்டும். தொடக்கமே இல்லாததால் எந்தச் சரமும் ஓடாது என்று சொல்லி மீதியையும் வெட்டினால், ஒரே தவறுக்கு இருமுறை தண்டனை ஆகிவிடும். எது தொடக்கம் என்று அம்புகளைப் பார்த்தால் தெரிகிறபோது, அதை வைத்துக்கொண்டு மீதியைத் திருத்துங்கள்.

நான்கு நிலை போட்டு அதில் தவறும் செய்திருந்தால் விடைக்குறிப்போடு கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட முடியாது. அப்போது, அவர் வரைந்ததிலேயே குறைந்தது எத்தனை கட்டங்களை மாற்றினால் சரியாகும் என்று பார்த்து அதற்கேற்பக் குறைக்கலாம். C-யில் 0, 1 இரண்டுக்கும் வளையம் போட்டவருக்கு இந்தக் கணக்கில் இரண்டு கட்டம்தான் போகும். அவர் விடை சொல்லியிருப்பது வேறு கேள்விக்கு என்பதால் நான் இன்னும் ஒன்று குறைப்பேன். அப்படிக் குறைக்கும்போது ஓரத்தில் 010 என்று மட்டும் எழுதிவிட்டால் போதும், ஏன் குறைந்தது என்று கேட்டு வருபவர் அதை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.